மாதச் சரக்குக் கடிதம்: எப்படி எழுதுவது, தாமதித்தால் எவ்வளவு போகும்

தூத்துக்குடியில் முந்திரிக்கொட்டை இறக்குமதி செய்யும் ஒரு வியாபாரியிடம் கணக்கு வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதமே யாராவது வந்து, "இன்சூரன்ஸுக்கு ஸ்டாக் டிக்ளரேஷன் போயிடுச்சா?" என்று கேட்பார்கள். பேங்குக்குத்தான் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் போகிறதே, இது என்ன புதிதாக என்று தோன்றும். இரண்டும் வேறு. பேங்குக்குப் போகும் தாளை வைத்துக் கடன் வரம்பை முடிவு செய்கிறார்கள். இன்சூரன்ஸுக்குப் போகும் தாள் இரண்டு விஷயங்களைத் தீர்மானிக்கிறது: வருடக் கடைசியில் பிரீமியம் எவ்வளவு, குடோன் எரிந்தால் கையில் எவ்வளவு வரும்.

முதலில் பாலிசியைப் பற்றிக் கொஞ்சம். ஸ்டாக் த்ரூபுட் பாலிசி என்பது கடல் சரக்குக் காப்பீட்டிலிருந்து வளர்ந்த ஒன்று. ஐவரி கோஸ்டிலோ கானாவிலோ மூட்டை கிளம்பும் இடத்திலிருந்து கப்பல், துறைமுகம், லாரி, குடோன் என்று எல்லாக் கட்டத்தையும் கடந்து, வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேரும் வரை ஒரே பாலிசி காப்பாற்றும். வழியில் இருக்கும் சரக்குக்கு ஒரு பாலிசி, குடோனுக்கு ஒரு தீ பாலிசி என்று பிரித்து எடுத்தால், சரக்கு கைமாறும் இடத்தில் எந்த கம்பெனியும் பொறுப்பேற்காத ஓர் இடைவெளி விழும். அதை அடைப்பதுதான் இதன் வேலை.

ஆனால் முந்திரி வியாபாரத்தில் இருப்பு ஒரே அளவில் நிற்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் அறுவடை பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வாக்கில் முடியும். அந்தக் கொட்டை இங்கே வந்து குவிவது சித்திரைக்குப் பிறகு. ஆடியில் குடோன் கூரை முட்ட மூட்டை அடுக்கிய அட்டி நிற்கும், மாசி பங்குனியில் தரை தெரியும். வருடம் முழுவதும் உச்ச இருப்புக்குப் பிரீமியம் கட்டினால் நஷ்டம். அதனால்தான் முதலில் உச்சத் தொகையை வைத்து ஒரு தோராயப் பிரீமியம் வாங்கிக்கொண்டு, மாதாமாதம் உண்மையான மதிப்பைக் கடிதமாக அனுப்பச் சொல்கிறார்கள். வருடக் கடைசியில் சராசரி போட்டு, அதிகமாக வாங்கியதைத் திருப்பித் தருவார்கள். இந்தச் சலுகைக்கு வியாபாரி தரும் விலைதான் மாதக் கடிதம், அதாவது ஸ்டாக் டிக்ளரேஷன்.

முதல் வேலை: பாலிசியில் நான்கு வரிகளைத் தேடுங்கள்

பாலிசித் தாள் நாற்பது பக்கம் இருந்தாலும் டிக்ளரேஷனுக்கு வேண்டியது நான்கு வரிகள்தான். அதை ஒரு தனித்தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள்.

ஒன்று, எந்த மதிப்பைக் கேட்கிறார்கள் என்பது. மாதக் கடைசி நாள் இருப்பா, மாதத்தில் எந்த நாளிலாவது இருந்த உச்ச இருப்பா, தினசரி உச்சத்தின் சராசரியா? இந்தியாவில் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொது விதியாக இருந்த 2001ஆம் ஆண்டின் தீ காப்பீட்டுத் தாரிஃப், டிக்ளரேஷன் பாலிசிக்கு இந்த மூன்றில் கடைசி இரண்டு முறைகளையும் வைத்திருந்தது. கடல் சரக்குப் பக்கத்திலிருந்து எழுதிய பாலிசிகளில் மாதக் கடைசி இருப்பைக் கேட்பது சகஜம். மூன்றுக்கும் தொகை மாறும், அதனால் ஊகித்து எழுதக் கூடாது.

இரண்டு, விலை எந்த அடிப்படையில். வாங்கிய விலையோடு கப்பல் கூலி, சுங்க வரி, துறைமுகச் செலவு, லாரி வாடகை சேர்ந்த இறக்கிய விலையா, அதற்கு மேல் பத்து சதவீதமா, விற்றுவிட்ட சரக்குக்கு மட்டும் விற்பனை விலையா? இழப்பு வந்தால் இதே அடிப்படையில்தான் பணம் வரும். மாதாமாதம் ஒரு அடிப்படையில் எழுதிவிட்டு, கிளெய்மின்போது வேறொன்றைக் கேட்டால், இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் சிரித்துவிட்டு முதலாவதை எடுத்துக்கொள்வார்.

மூன்று, கெடு. அடுத்த மாதம் எந்தத் தேதிக்குள் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் பாருங்கள். பழைய தீ தாரிஃபில் அடுத்த மாதத்தின் கடைசி நாள் வரை நேரம் இருந்தது. த்ரூபுட் பாலிசிகளில் 15 நாள், 30 நாள் என்று ஆளுக்கொரு மாதிரி இருக்கும். இந்தக் கட்டுரையின் உதாரணத்துக்கு 15 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

நான்காவது வரிதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்: டிக்ளரேஷன் வராவிட்டால் என்ன ஆகும்? இதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒரு வகையில், கடிதம் வராத மாதத்துக்கு முழுக் காப்பீட்டுத் தொகையே இருப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். நம் ஊர்த் தீ தாரிஃப் இப்படித்தான் எழுதியிருந்தது. இன்னொரு வகையில், கடைசியாகச் சொன்ன மதிப்புக்கு மேல் கிளெய்ம் தர மாட்டார்கள். அமெரிக்காவில் புழங்கும் மதிப்பு அறிவிப்புப் படிவமான சிபி 13 10 இந்த வகை. அதில் முதல் அறிக்கையையே அனுப்பவில்லை என்றால், மற்றபடி வந்திருக்கக்கூடிய தொகையில் 75 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது. உங்கள் பாலிசி எந்தக் குடும்பம் என்று தெரியாமல், தாமதம் எவ்வளவு ஆபத்து என்று சொல்ல முடியாது.

இருப்பை எடுப்பது

மாதக் கடைசி நாள் மாலை, லாரி ஏற்றுவது நின்ற பிறகு குடோனுக்குப் போங்கள். கணினியில் இருக்கும் தொகையை அப்படியே எடுத்துப் போடுவது எளிதுதான், ஆனால் கிளெய்ம் வரும்போது சர்வேயர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த எண்ணிக்கையை யார் பார்த்தது?" என்பது. ஒவ்வொரு அட்டிக்கும் ஓர் அட்டை தொங்கவிட்டு, மூட்டை வந்தது, போனது, மீதி, தேதி, கையெழுத்து என்று எழுதி வந்தால் வேலை அரை மணியில் முடியும். அகலத்துக்கு எத்தனை, நீளத்துக்கு எத்தனை, உயரத்துக்கு எத்தனை என்று பெருக்கி, மேலே குறையாக நிற்கும் வரிசையைத் தனியே கூட்டினால் அட்டையோடு ஒத்துப்போக வேண்டும்.

முந்திரிக்கொட்டையில் ஒரு விசேஷம் உண்டு. வரும்போது 80 கிலோ சாக்கு. குடோனில் இருக்க இருக்க ஈரம் குறையும், எடை இறங்கும். நான்கு மாதம் கழித்து எடை போட்டால் சாக்கு 80 காட்டாது. பில்லில் இருந்த எடையையே மாதாமாதம் எழுதினால் இல்லாத சரக்குக்குப் பிரீமியம் கட்டுகிறீர்கள், கிளெய்ம் மட்டும் உண்மையான எடைக்குத்தான் வரும். மாதம் ஒருமுறை ஒவ்வொரு அட்டியிலும் சில சாக்குகளை எடை போட்டுப் பார்த்து, குறைவைக் கணக்கில் கழித்து, அப்படிக் கழித்ததைத் தாளில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

எல்லை நாளில் குழப்பும் சரக்கு மூன்று வகை. 31ஆம் தேதி துறைமுகத்தில் இறங்கி, சுங்க வேலை முடியாமல் கன்டெய்னர் நிலையத்தில் நிற்கும் பெட்டி முதல் வகை. அது குடோனிலும் இல்லை, கப்பலிலும் இல்லை, எனவே இரண்டு கணக்கிலும் விடுபட்டுப் போகும். 'வழியில்' என்ற வரிசையில் எழுதி, எங்கே நிற்கிறது என்று ஒரு வார்த்தை சேருங்கள். பில் போட்டாகிவிட்டது, வாங்கியவர் இன்னும் லாரி அனுப்பவில்லை என்ற சரக்கு இரண்டாவது வகை. அதைப் பாலிசி யாருடையதாகப் பார்க்கிறது, எந்த விலையில் பார்க்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு தனி வரியில் காட்டுங்கள். உடைத்துப் பருப்பெடுக்கப் பண்ருட்டிப் பக்கம் கொடுத்தனுப்பிய கொட்டை மூன்றாவது வகை. அந்த உடைப்புக் கொட்டகையின் முகவரி பாலிசியின் இடப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், 'பெயர் சொல்லாத இடங்கள்' என்ற சின்ன வரம்புக்குள்தான் அது வரும், அப்படி ஒரு வரம்பே இல்லாத பாலிசியும் உண்டு. கடிதத்தில் எழுதிவிட்டதால் மட்டும் ஓர் இடம் பட்டியலில் சேர்ந்துவிடாது. அதற்குப் பாலிசியைத் திருத்தி கம்பெனி தரும் தாள், எண்டார்ஸ்மென்ட், தனியே வேண்டும்.

கடிதம்

வழக்கத்தில் இது ஆங்கிலத்தில்தான் போகும். புரிவதற்காகத் தமிழில் தருகிறேன். கொட்டையின் இறக்கிய விலையை டன்னுக்கு ரூ.1,20,000 என்று வைத்திருக்கிறேன், கணக்குக்காக மட்டும்.

> நாள்: ஜூன் 6
>
> பெறுநர்: காப்பீட்டு நிறுவனம், கடல் சரக்குப் பிரிவு. நகல்: எங்கள் புரோக்கர்
>
> பொருள்: ஸ்டாக் த்ரூபுட் பாலிசி எண் ……… மே மாத இருப்பு அறிவிப்பு
>
> ஐயா,
>
> மே 31 மாலை நிலவரப்படி எங்கள் இருப்பு:
>
> தூத்துக்குடி குடோன், முந்திரிக்கொட்டை: தொடக்க இருப்பு 4,200 மூட்டை, வரவு 4,400, அனுப்பியது 1,300, முடிவு இருப்பு 7,300 மூட்டை. எடை 584 டன். மதிப்பு ரூ.7,00,80,000.
>
> மாதத்தின் உச்ச இருப்பு: மே 28 அன்று 7,600 மூட்டை, ரூ.7,29,60,000.
>
> பண்ருட்டி குடோன், முந்திரிப் பருப்பு: ரூ.85,00,000.
>
> வழியில்: 6 கன்டெய்னர், 150 டன், ரூ.1,80,00,000. இதில் 2 பெட்டி துறைமுகக் கன்டெய்னர் நிலையத்தில் உள்ளது.
>
> மதிப்பின் அடிப்படை: பாலிசியில் சொன்னபடி இறக்கிய விலை. பிறருக்குச் சொந்தமான சரக்கு சேர்க்கப்படவில்லை.
>
> இந்தக் கடிதத்தின் நாள் வரை எங்களுக்குத் தெரிந்த இழப்போ சேதமோ இல்லை.
>
> பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி பதில் அனுப்பவும்.
>
> இப்படிக்கு, கையொப்பமிட அதிகாரம் பெற்றவர்

தொடக்க இருப்பு என்று எழுதும் 4,200 மூட்டை, போன மாதக் கடிதத்தின் முடிவு இருப்போடு மூட்டைக் கணக்கில் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். பாலிசி மாதக் கடைசி இருப்பை மட்டும் கேட்டாலும் உச்ச நாளின் தொகையை நான் சேர்த்தே எழுதச் சொல்வேன். வரம்புக்கு எவ்வளவு அருகில் போகிறோம் என்பதை முதலில் காட்டுவது அதுதான்.

குடோன் காலியாக இருந்தாலும் கடிதம் போக வேண்டும். "இருப்பு இல்லை" என்பதும் ஓர் அறிவிப்பு. இல்லாத இருப்புக்கு எதற்குக் கடிதம் என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அதன் விலையைக் கீழே பார்ப்போம்.

கையெழுத்துக்கு முன் பேங்குக்குப் போன ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்வேயர் கட்டாயம் அதைக் கேட்பார். பேங்கிடம் கடன் வரம்புக்காக எட்டுக் கோடி, இன்சூரன்ஸிடம் பிரீமியத்துக்காக ஐந்து கோடி என்று இருந்தால், அதற்கப்புறம் உங்கள் தாளில் எதையும் அவர் நம்பப் போவதில்லை. நியாயமான வித்தியாசம் இருக்கலாம். பேங்க், பணம் கொடுக்காத சரக்கைக் கழிக்கச் சொல்லும், இன்சூரன்ஸ் சேர்க்கச் சொல்லும். அப்படியானால் இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் கோப்பில் வையுங்கள்.

எப்போது, யாருக்கு

ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் 11ஆம் தேதி. அதற்காக விற்பனைக் கணக்கை எப்படியும் முடித்தாக வேண்டும். கெடு 15 என்றால், இருப்புக் கடிதத்தை அதற்கு முன்னாலேயே, ஏழாம் தேதிக்குள் அனுப்பிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளினால் அது 20ஆம் தேதியின் 3பி தாக்கலுக்கும் பின்னால் போய்விடும்.

மின்னஞ்சலை காப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக அனுப்புங்கள், புரோக்கருக்கு நகல் போகட்டும். புரோக்கர் உங்கள் பக்கத்து ஆள், கம்பெனியின் ஆள் அல்ல. அவரிடம் கொடுத்தது கம்பெனியிடம் கொடுத்ததாகும் என்று பாலிசி எழுதியிருந்தால் சரி. எழுதாதபோது, அவர் மேசையில் தங்கிய கடிதம் போகாத கடிதம்தான். பதில் வரி வரும் வரை வேலை முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தாமதத்தின் விலை: பிரீமியம் பக்கம்

இப்போது கணக்குக்கு வருவோம். தூத்துக்குடி குடோனின் வரம்பு ரூ.12 கோடி. குடோன் பகுதிக்கு ஆண்டு விகிதம் ஆயிரத்துக்கு ரூ.1.20 என்று வைத்துக்கொள்வோம், இதுவும் கற்பனை விகிதம்தான். முதலில் கட்டிய தோராயப் பிரீமியம் ரூ.1,44,000, ஜிஎஸ்டி தனி.

ஏப்ரல் முதல் மார்ச் வரை இருப்பு, கோடியில்: 4, 7, 10, 11, 10, 8, 7, 5, 4, 3, 2, 1. மொத்தம் 72, சராசரி 6 கோடி. எல்லாக் கடிதமும் நேரத்துக்குப் போயிருந்தால் உண்மைப் பிரீமியம் ரூ.72,000. மீதி ரூ.72,000 திரும்ப வரும். பழைய தீ தாரிஃப் திருப்பித் தருவதற்கு 50 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருந்தது, இந்தத் தொகை அதில் சரியாகப் பொருந்துகிறது.

சீசன் முடிந்தது, குடோனில் ஒன்றுமில்லை என்று ஜனவரி, பிப்ரவரி, மார்ச் கடிதங்களை விட்டுவிட்டார்கள். பாலிசி முதல் குடும்பத்தைச் சேர்ந்தது. 3, 2, 1 இருந்த இடத்தில் 12, 12, 12 வந்து உட்காரும். மொத்தம் 102, சராசரி எட்டரைக் கோடி, பிரீமியம் ரூ.1,02,000. மூன்று கடிதங்களுக்கு ரூ.30,000 போனது, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

மாதவாரியாகப் பிரித்தால் இன்னும் தெளிவாகும். ஜூலைக் கடிதம் தாமதமானால் 11க்குப் பதில் 12, வித்தியாசம் வெறும் ஆயிரம் ரூபாய். பிப்ரவரிக் கடிதம் தாமதமானால் 2க்குப் பதில் 12, அதே ஒரு கடிதத்துக்குப் பத்தாயிரம். சரக்கு குறைவாக இருக்கும் மாதம்தான் பிரீமியம் பக்கத்தில் விலை கூடியது. எல்லாரும் அசிரத்தையாக இருப்பதும் அந்த மாதங்களில்தான்.

இதில் ஒரு விதிவிலக்கு. சில பாலிசிகளில் குறைந்தபட்சப் பிரீமியம் என்று ஒரு தளம் இருக்கும். அது தோராயப் பிரீமியத்தில் 75 சதவீதம் என்றால் ரூ.1,08,000க்குக் கீழே எப்படியும் இறங்காது. அப்போது 72,000 ஆனாலும் 1,02,000 ஆனாலும் ஒன்றுதான், அந்த மூன்று தாமதமும் பிரீமியத்தில் ஒரு காசு கூட்டாது. அதை நம்பி அசட்டையாக இருப்பவர்கள் அடுத்த பகுதியைப் படிக்க வேண்டும்.

தாமதத்தின் விலை: கிளெய்ம் பக்கம்

இரண்டாவது குடும்பத்துப் பாலிசியை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 30 இருப்பு 4 கோடி என்று கடிதம் போயிற்று. மே 31 இருப்பு 7 கோடி, அதற்கான கடிதம் ஜூன் 15க்குள் போக வேண்டும், போகவில்லை. ஜூன் 20 இரவு தீ. அன்றைக்கு இருப்பு 9 கோடி, எரிந்தது 6 கோடி.

கம்பெனியிடம் கடைசியாக இருக்கும் தொகை 4 கோடி. அதற்கு மேல் தர மாட்டார்கள். இரண்டு கோடி வியாபாரியின் தலையில். வரம்பு 12 கோடி இருக்கிறதே, அதற்குத்தானே பணம் கட்டினோம் என்று எத்தனை முறை கேட்டாலும் பதில் மாறாது.

ஜூன் 7 அன்றே 7 கோடி என்று கடிதம் போயிருந்தால்? எரிந்த 6 கோடி அதற்குள் அடங்கும். வியாபாரியே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை போக முழுதும் கிடைக்கும். மே 31க்குப் பிறகு வந்த இரண்டு கோடிச் சரக்கைப் பற்றி யாரும் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டிய நாள் இன்னும் வரவில்லை.

ஆக, பிரீமியம் பக்கத்துக்கு இது நேர் எதிர். இருப்பு குறையும் மாதங்களில் தாமதித்தால் பிரீமியம் கூடும், ஏறும் மாதங்களில் தாமதித்தால் கிளெய்ம் குறையும். முதலாவதில் போவது ஆயிரங்கள், இரண்டாவதில் போவது கோடிகள். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் வேறு எந்த வேலையைத் தள்ளினாலும் இதைத் தள்ளாதீர்கள். துறைமுகத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் கணக்கு மேசையில் ஆள் இருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

நேரத்துக்குக் கடிதம் போய், தொகையைக் குறைத்து எழுதியிருந்தால் வேறொரு வெட்டு. மே 31இல் 7 கோடி இருக்க 5.60 கோடி என்று எழுதியிருக்கிறார்கள், அதாவது 80 சதவீதம். எரிந்த 6 கோடியிலும் அதே 80 சதவீதம், 4.80 கோடிதான் வரும். ஒரு மாதத்துக்கு 1.40 கோடியை மறைத்ததில் மிச்சமான பிரீமியம், மேலே சொன்ன விகிதத்தில், ரூ.1,400. அதற்காக இழந்தது ரூ.1.20 கோடி.

வழியில் இருக்கும் சரக்குக்குச் சட்டமே ஒரு வரி வைத்திருக்கிறது. நம் நாட்டின் 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. அவ்வப்போது அறிவிக்கும் வகைப் பாலிசியில், இழப்புச் செய்தி வந்த பிறகோ சரக்கு வந்து சேர்ந்த பிறகோதான் மதிப்பைச் சொன்னால், பாலிசி வேறு மாதிரி சொல்லாதவரை, அந்தச் சரக்கை மதிப்பு நிர்ணயிக்காத சரக்காகவே நடத்த வேண்டும் என்கிறது அது. நடைமுறையில் இதன் பொருள்: அடக்க விலை, அனுப்பும் செலவு, காப்பீட்டுச் செலவு மட்டும்தான், ஒப்புக்கொண்ட பத்து சதவீதக் கூடுதல் கிடைக்காது. ரூ.30 லட்சப் பெட்டி ஒன்றுக்கு மூன்று லட்சம் போகும்.

வரம்பை மீறும் சரக்கு

இது தாமதத்தின் ஒன்றுவிட்ட தம்பி. 12 கோடி வரம்புக்கு மேல் 13 கோடிச் சரக்கு வந்துவிட்டது, மாதக் கடிதத்தில் 13 என்று நேர்மையாக எழுதியாகிவிட்டது, அதனால் காப்பு இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. கடிதம் இருந்ததைச் சொல்கிறது, வரம்பை உயர்த்துவதில்லை. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் முன்கூட்டி வராமல் கம்பெனி பொறுப்பேற்க முடியாது. கப்பல் கிளம்பும்போதே கன்டெய்னர்களை எண்ணி, இருக்கும் சரக்கோடு கூட்டிப் பார்த்து, தாண்டும் போலிருந்தால் பெட்டி வருவதற்கு முன்னால் வரம்பு உயர்வு கேட்டுப் பணம் கட்டி எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள்.

ஏற்கெனவே தாமதமாகிவிட்டால்

கெடு தாண்டியது தெரிந்த அன்றே அனுப்புங்கள். விடுபட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனிக் கடிதம், ஒவ்வொன்றிலும் அந்தந்த மாதக் கடைசியின் உண்மை இருப்பு. கடிதத்தின் தேதி இன்றைய தேதியாகவே இருக்கட்டும். பழைய தேதி போட்டு அனுப்பினால் மின்னஞ்சலின் நேரமே காட்டிக்கொடுக்கும், அப்புறம் தாமதம் என்ற சின்னக் குற்றம் பொய் என்ற பெரிய குற்றமாகிவிடும். "இன்றுவரை தெரிந்த இழப்பு இல்லை" என்ற வரி இங்கே மிகவும் முக்கியம். தாமதத்தை மன்னித்து, சொன்ன மதிப்பை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் பதில் கேளுங்கள். போனில் "பரவாயில்லை சார், பார்த்துக்கலாம்" என்று சொல்லும் அதிகாரி அடுத்த மாதம் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

இழப்பு நடந்த பிறகுதான் கடிதம் போகவில்லை என்று தெரிந்தால்? அப்போதும் அனுப்ப வேண்டும், அதே கடிதத்தில் இழப்பையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன கடல்சார் சட்டமே, நல்லெண்ணத்தோடு நேர்ந்த விடுபடுதலையும் தவறான அறிவிப்பையும் இழப்புக்குப் பிறகும்கூடத் திருத்தலாம் என்கிறது. ஆனால் அது பாலிசியின் வெளிப்படையான வரிக்குக் கட்டுப்பட்டது, குடோன் கட்டத்துக்கு அதை நீட்ட முடியுமா என்று கம்பெனி வாதாடும். நல்லெண்ணத்தைக் காட்டுவது உங்கள் பழைய கோப்புதான். மற்ற மாதங்களின் கடிதங்கள் நேரத்துக்குப் போயிருக்கின்றனவா, பத்திரமாக வந்து சேர்ந்த பெட்டிகளையும் அறிவித்திருக்கிறீர்களா, அட்டி அட்டை தீக்கு முந்தைய தேதிகளோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சேதமான பெட்டி மட்டும் கடிதத்தில் வந்து, சேதமில்லாத பெட்டிகள் எதுவும் வராத கோப்பைப் பார்த்தால் எந்த சர்வேயருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

அட்டி அட்டைகளைக் குடோனுக்குள் மட்டும் வைக்காதீர்கள். மாதக் கடைசியில் ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து, அன்றைய கடிதத்தோடு மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். குடோன் எரிந்தால் முதலில் எரிவது அந்த அட்டைகள்தான்.